கேமுக்காக வாங்கிய பட்ஜெட் போன்: இரண்டு கோடைகளுக்குப் பின் தெரிந்தவை

பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய, ஹீலியோ ஜி99 சிப் உள்ள போன் ஒன்றைப் பாளையங்கோட்டையில் இரண்டு கோடைகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பெரும்பாலும் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேமை விளையாடத்தான். என் அக்கா மகனிடம் அதே விலையை ஒட்டிய, 12 நானோமீட்டர் சிப்பும் 4 ஜிபி ரேமும் கொண்ட வேறொரு போன் இருக்கிறது. இரண்டையும் ஒரே மாடி அறையில், ஒரே வைஃபையில் அருகருகே வைத்து விளையாடியதில் தெரிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதல் மேட்சில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. கடையில் ஐந்து நிமிடம் விளையாடிப் பார்த்து வாங்குவோர் ஏமாறுவது இதனால்தான். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தளம் காய்ந்து கிடக்கும்போது இரண்டாவது மேட்சின் நடுவில்தான் வண்டவாளம் வெளிப்படும். வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டியதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பழைய 12 நானோமீட்டர் முறையில் செய்த சிப், அதே வேலைக்கு அதிக மின்சாரத்தை உண்டு அதிகச் சூட்டை உமிழ்வதால் அந்த எல்லையைச் சீக்கிரம் தொட்டுவிடும். ஜி99 6 நானோமீட்டர் முறையில் தயாராவது. அதன் இரண்டு பெரிய கோர்கள் ஏ76 வகையைச் சேர்ந்தவை. ஆனால் நானோமீட்டர் எண்ணை மட்டும் பார்த்தும் முடிவு செய்யக் கூடாது. ஸ்னாப்டிராகன் 680-உம் 6 நானோமீட்டர்தான். எனினும் அதன் பெரிய கோர்கள் பழைய ஏ73 தலைமுறையைச் சேர்ந்தவை, கிராபிக்ஸ் பகுதியான அட்ரினோ 610-உம் எளிய ரகம். ஆகவே அட்டைப்பெட்டியில் ‘எட்டு கோர்’ என்று போட்டிருப்பதைப் பொருட்படுத்தாமல், பெரிய கோர் எந்த வகை, கிராபிக்ஸ் பகுதி எது என்று கேட்பதே சரி.

திணறல் சூட்டினாலா, நெட்டினாலா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. எதிரிகள் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குத் தாவித் தாவித் தெரிய, நாம் பார்வையைத் திருப்புவது மட்டும் வழுக்கிக்கொண்டு சுழன்றால், குறை இணைப்பில் இருக்கிறது. இணைப்பின் தாமதத்தைக் காட்டும் பிங் எண் குறைவாகவே இருந்தும் நம் பார்வை திரும்புவதே விட்டுவிட்டு இழுத்தால், சிப் சூடேறிவிட்டது என்று பொருள். மருமகன் “மாமா, நெட் செத்துப்போச்சு” என்று வைஃபையைத் திட்டிக்கொண்டிருந்த பெரும்பாலான வேளைகளில் போனின் முதுகு கொதித்துக்கொண்டிருந்தது.

ரேமைப் பொறுத்தவரை, 4 ஜிபி போனில் மேட்ச் நடுவே ஓர் அழைப்பை எடுத்துப் பேசிவிட்டுத் திரும்பினால் கேம் லோகோவிலிருந்து மீண்டும் தொடங்குகிறது. என்னுடைய 6 ஜிபி போனில் இது அரிதாகவே நடக்கிறது. ‘6+6’ என்று விளம்பரப்படுத்துகிறார்களே, அந்த இரண்டாவது ஆறு சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கும் இடம். ரேமின் வேகத்தில் ஒரு சிறு பங்கே அதற்கு உண்டு என்பதால் கேமுக்கு அதைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. அதைவிடச் சேமிப்பகம் எந்த வகை என்பதே முக்கியம். இஎம்எம்சி வகை ஒரு நேரத்தில் படிக்க அல்லது எழுத மட்டுமே இயலும். யுஎப்எஸ் வகை இரண்டையும் ஒருங்கே செய்யும். மருமகனின் போன் இஎம்எம்சி. மேட்ச் திறக்க அது தாமதிப்பதோடு, பாராசூட்டில் இறங்கும்போது கீழே உள்ள வீடுகள் களிமண் கட்டிகளைப் போல வடிவமில்லாமல் நின்று, பிறகுதான் சன்னலும் கதவும் பெறுகின்றன. அதற்குள் வேறொருவர் துப்பாக்கியை எடுத்துவிடுவார்.

திரையில் 120 ஹெர்ட்ஸ் என்ற எண்ணுக்காகக் கூடுதலாகச் செலவழிப்பதற்கு முன், நாம் ஆடும் கேம் அந்த மாடலுக்கு எத்தனை பிரேம்களை அனுமதிக்கிறது என்று பார்க்க வேண்டும். பிஜிஎம்ஐயில் ஸ்மூத் கிராபிக்ஸுடன் எக்ஸ்ட்ரீம் தேர்ந்தெடுத்தால் நொடிக்கு 60 பிரேம், அல்ட்ராவில் 40, ஹையில் 30. எக்ஸ்ட்ரீம் வரையே திறக்கும் போனில் திரை 120 ஹெர்ட்ஸாக இருந்தாலும் மேட்சுக்குள் அதன் பயன் சொற்பம். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் “Show refresh rate” என்பதை இயக்கினால் திரை எந்த வேகத்தில் ஓடுகிறது என்பது மூலையில் தெரியும். ஆனால் அது திரையின் வேகமே தவிர கேமின் பிரேம் கணக்கு அன்று.

தெளிவு பற்றிய என் கருத்து பலருக்கு ஒவ்வாது. 1080×2400 திரையில் 720×1600 திரையைப் போல இரண்டேகால் மடங்கு புள்ளிகள் உள்ளன. பல கேம்கள் உள்ளே குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுவதால் சுமை அதே அளவுக்குக் கூடுவதில்லை; இருந்தாலும் எளிய கிராபிக்ஸ் உள்ள சிப்போடு 720 திரை வருவதைக் குறையாக நான் எண்ணமாட்டேன். ஜி99 போன்ற சிப் என்றால் 1080 தாராளமாக வாங்கலாம். என் போனில் சார்ஜரைப் பிடுங்கி, பின்னட்டைக் கவரையும் கழற்றி, திரை வெளிச்சத்தைப் பாதியாக்கி ஆடினால் மே மாதப் பிற்பகலிலும் மூன்றாவது மேட்ச் வரை எக்ஸ்ட்ரீம் தாங்குகிறது. அதற்கு மேல் ஆடுவதானால் அல்ட்ராவுக்கு இறக்கிவிடுகிறேன். ஏறி இறங்கும் 60-ஐ விட நிலையான 40 குறிபார்க்க எளிது.