நாலு வருடம், ஒரு பேனல், மூன்று கன்ட்ரோலர்: பாம்பன் வள்ளத்தில் சோலார்

2025 செப்டம்பரில் சோலார் சாமான்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அன்றிலிருந்து தங்கச்சிமடத்து மச்சான் வாரம் ஒருமுறை போன் போட்டு, "உன் வள்ளத்தில் இருக்கிறதே, அது மாதிரி ஒன்று போடலாமா?" என்று கேட்கிறார். இரண்டு முறை "போடுங்க" என்றேன். நேற்று மத்தியானம் முழுக்க வெயிலில் உட்கார்ந்து கறுத்துப்போன ஒயரை வெட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது ஃபைபர் வள்ளம். டீசல் எஞ்சினைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், டைனமோ கிடையாது. இரண்டு எல்இடி விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ், ஆட்களின் போன் சார்ஜ் என்று ஓர் இரவுக்கு 20 முதல் 25 ஆம்பியர்-அவர் ஆகும். அதற்காக ஒரு 100 வாட் பேனல், பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜை அளவாக விடும் 10 ஆம்பியர் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர், ஒரு 40 ஆம்பியர்-அவர் பேட்டரி.

பேனலைக் குறை சொல்ல வாய் வரவில்லை. நாலு கச்சான் காற்றுக் காலம் பார்த்துவிட்டது. தென்கடலில் அலை அணியத்தில் மோதி மேலே விசிறும்போது முதலில் நனைவது அதுதான். இன்றும் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. பின்னால் உள்ள ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் உள்ளே உலர்ந்திருக்கிறது. கரைக்கு வரும்போது கேனில் மீந்த நல்ல தண்ணீரை ஊற்றித் துடைப்பேன். எங்கள் தீவில் நல்ல தண்ணீருக்கு இருக்கும் மரியாதைக்கு அதற்கு மேல் செலவிட முடியாது. போல்ட் விஷயத்தில் மட்டும் ஒருமுறை ஏமாந்தேன். ஜி.ஐ. போல்ட் ஒரே கச்சானில் துருவாய் ஒழுகியது. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாறியபின் அது தொட்டிருந்த இடத்தில் அலுமினிய ஃபிரேம் சுண்ணாம்பு போலப் பொடிந்தது. இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம்தான் தின்னப்படும். நடுவே பிளாஸ்டிக் வாஷர் வைத்து, போல்ட்டுக்குக் கிரீஸ் தடவினேன். அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

என் பகை கன்ட்ரோலரோடும் ஒயரோடும்தான்.

முதல் கன்ட்ரோலரைச் சும்மா பலகைக்கு அடியில் திருகி வைத்திருந்தேன். தண்ணீர் படாத இடம் என்று நினைப்பு. ஐந்தாவது மாதம் டிஸ்ப்ளே அணைந்தது. கழற்றிப் பார்த்தால் பேட்டரி பிளஸ் திருகு மட்டும் பச்சையாகப் பூத்து, பாதி கரைந்திருந்தது. பக்கத்திலேயே இருந்த மைனஸ் திருகு கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது. அப்போது எனக்கு விளங்கவில்லை. நகைக்கு முலாம் பூசும் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் கரண்ட் போகும்போது பிளஸ்ஸில் கட்டிய உலோகம் கரைந்து போகிறது. கன்ட்ரோலரின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஈர உப்புப் படலம் ஒன்று உட்கார்ந்தால் போதும், அதே வேலை நடக்கும். பேனல் பக்கத்தில் பகலில் மட்டும்தான் கரண்ட். பேட்டரி பக்கத்தில் இரவு பகல் ஓயாமல் நடக்கும். ஆகவே பேட்டரி பிளஸ்தான் முதலில் போகும்.

படலம் காய்ந்துவிடாதா என்று கேட்பார்கள். காயாது. சமையல் உப்பே காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீராகும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதம் இருந்தாலே போதும், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாம்பனில் காற்று எந்த நாளில் அவ்வளவு வறண்டிருக்கிறது? அலைத்தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படாவிட்டாலும் காற்றோடு வரும் உப்பு போதும்.

இரண்டாவது கன்ட்ரோலரைக் கொன்றது நான்தான். மூடி இறுக்கமான சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து, ஒயர் நுழையும் ஓட்டைகளைச் சிலிக்கான் பேஸ்ட்டால் அடைத்தேன். "அண்ணே, ஒரு பொட்டுத் தண்ணி போகாது" என்றார் கடைக்காரப் பையன். அவர் சொன்னது உண்மை, தண்ணீர் போகவில்லை. ஆனால் மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது உள்ளே செம்பு இருந்த இடமெல்லாம் நீலப்பச்சைப் பொடி. காடி வாசனை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். கண்ணாடிக்கும் குளியலறைக்கும் அது சரி. மூடிய டப்பாவுக்குள் செம்போடு அடைத்து வைத்தால் அமிலக் குளியல்தான். வாசனை இல்லாத நியூட்ரல் வகை தனியாக இருக்கிறது, டியூபிலேயே அப்படிப் போட்டிருக்கும். மூக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம். இது தெரிய எனக்கு ஒரு கன்ட்ரோலர் செலவானது.

அந்த டப்பாவில் இன்னொரு தப்பும் இருந்தது. பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து எப்படியோ கசிந்து வெளியேறும். சாயங்காலம் குளிர்ந்ததும் அதே சந்து வழியாக ஈரக் காற்றை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரம் விடியற்காலையில் மூடியின் உட்புறம் முத்து முத்தாக நிற்கும். முழுக்க அடைத்த டப்பா என்று ஒன்று கடலில் கிடையாது. உள்ளே போனது வெளியே வர வழியில்லாத டப்பாதான் உண்டு.

மூன்றாவது இன்றைக்கும் ஓடுகிறது, இரண்டு வருடம் தாண்டிவிட்டது. அதைப் பிரித்து, திருகுகள், பட்டன், டிஸ்ப்ளே இவற்றின் மேல் டேப் ஒட்டிவிட்டு, போர்டு முழுக்க மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் இன்சுலேஷன் வார்னிஷை மெல்லிசாக இரண்டு கை பூசினேன். சூடு வெளியேறும் அலுமினியத் தகட்டில் மட்டும் பூசவில்லை. டப்பா இப்போது பலகைக்கு அடியில் தொங்குகிறது. ஒயர்கள் எல்லாம் அடிப்பக்கமாக நுழைகின்றன. நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கும், ஒயரோடு ஓடிவரும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும். அடியிலேயே ஒரு சின்ன ஓட்டையை அடைக்காமல் விட்டிருக்கிறேன். திருகுகளை இறுக்கியபின் மேலே வாசலின். வள்ளம் கரையில் கிடக்கும் நாட்களில் முதலில் பேனல் ஒயர், அப்புறம் பேட்டரி ஒயர் என்று கழற்றி வைப்பேன். மாட்டும்போது தலைகீழாக, பேட்டரி முதலில். பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் மாட்டினால் சில கன்ட்ரோலர்கள் அங்கேயே போய்விடும்.

சரி, இனி நேற்றைய கதை. ஒரு மாதமாகப் பேட்டரி நிரம்பவில்லை. வினோதம் என்னவென்றால், காலை எட்டு மணிக்கு நன்றாக ஏறும். உச்சிவெயிலில் மந்தமாகிவிடும். பேட்டரி செத்துவிட்டது என்று முடிவுகட்டி, புதிதுக்கு விலைகூடக் கேட்டுவிட்டேன். அப்புறம்தான் மீட்டரை எடுத்தேன்.

மத்தியானம் 12 மணி. பேட்டரியில் 13.1 வோல்ட். கன்ட்ரோலரின் பேனல் திருகில் 13.4. பேனலின் பின்னால், ஜங்ஷன் பாக்ஸில் 16.9. பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் இருப்பது நாலு மீட்டர் ஒயர். 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் நல்ல நிலையில் இருந்தால் போகவர கால் வோல்ட்கூடக் குறையக் கூடாது. எனக்கு 3.5 வோல்ட் காணோம். ஓடிய கரண்ட் 3.6 ஆம்பியர். பெருக்கினால் 12 வாட்டுக்கு மேல், எங்கோ ஓரிடத்தில் வெறும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. கையால் தடவிக்கொண்டே போனேன். வள்ளத்தின் ஓரத்தில் இரண்டு வருடத்துக்கு முன் தற்காலிகமாக முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்று விரலைச் சுட்டது. டேப் பிசினாக உருகியிருந்தது.

இது ஏன் இத்தனை நாள் தெரியவில்லை? இந்த வகைப் பேனல் 18 வோல்ட்டில் வேலை செய்யச் செய்தது. பேட்டரிக்கு 13, 14 போதும். நடுவில் நாலைந்து வோல்ட் சும்மா கிடக்கிறது. பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அதைப் பயன்படுத்துவதும் இல்லை. ஒயர் அரிக்க அரிக்க அந்த மிச்சத்தைத்தான் சத்தமில்லாமல் தின்னும், சார்ஜ் குறையாது. உச்சிவெயிலில் பேனல் சுட்டால் அதன் வோல்டேஜே இரண்டு வோல்ட் போல இறங்கும், கரண்டும் கூடும். அப்போதுதான் மிச்சம் தீர்ந்து விஷயம் வெளியே வருகிறது. காலையில் ஏறும், மதியம் ஏறாது என்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள். பேனல் முனைக்கும் கன்ட்ரோலருக்கும் உள்ள வித்தியாசத்தை நல்ல வெயிலில், சார்ஜ் ஓடும்போது அளந்து பாருங்கள். கரண்ட் ஓடாதபோது அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும்.

இணைப்பை வெட்டினேன். உள்ளே செம்பு கரிக்கட்டை நிறம். ஓர் அடி தள்ளி வெட்டினால் அங்கும் கறுப்பு. இன்னோர் அடி, அங்கும். திரி எண்ணெயை இழுப்பது போல இழைகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர் ஏறியிருந்தது. மேலே உறை பளபளவென்று இருக்க, உள்ளே ஒன்றரை மீட்டர் செத்திருந்தது. கறுத்த செம்பு ஈயம் பிடிக்காது, ஒயர் முனையில் அழுத்திப் பிடித்த லக்கும் நாளாவட்டத்தில் தளரும். ஒன்று மின்னும் செம்பு வரும்வரை வெட்ட வேண்டும், இல்லை மாற்ற வேண்டும். மாற்றினேன். முன்பு போட்டது வீட்டு ஒயர். இப்போது சோலார் ஒயர், இழை ஒவ்வொன்றிலும் வெள்ளீயம் பூசியது. வாங்கும்போது நுனியைச் சீவிப் பாருங்கள், வெள்ளியாக இருக்க வேண்டும். அலுமினியமும் வெள்ளிதான். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பாக செம்பு தெரியணும். நடுவில் இணைப்பே இல்லை. லக் முனைகளில் உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் போட்டேன். சூடு காட்டும்போது ஓரத்தில் பசை பிதுங்கி வந்தால் அடைத்துவிட்டது என்று அர்த்தம். பேனலோடு வரும் எம்.சி.4 கனெக்டரில் துரு எடுக்கும் ஸ்பிரே அடிக்கவே கூடாது, அந்தப் பிளாஸ்டிக் அதில் வெடிப்பு விடும்.

மறுபடி அளந்தேன். 5.1 ஆம்பியர், வித்தியாசம் 0.2 வோல்ட். பேட்டரிக்கு ஒன்றும் இல்லை.

மச்சானுக்கு என்ன சொல்வது? அவர் தங்கல் போவதில்லை. சாயங்காலம் போய் விடியலில் திரும்புகிறார். 40 ஆம்பியர்-அவர் பேட்டரியை வீட்டில் சார்ஜ் போட்டுத் தூக்கிக்கொண்டு போனால் ஓர் இரவு தாங்கும். இரண்டு மூன்று ராத்திரி தங்கும் எனக்கு வேறு வழியில்லை. பேனல் அருமையானது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன், அதை வாபஸ் வாங்கவில்லை. ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அடுத்த வாரம் மறுபடி போன் போடுவார். அதற்குள் நகக்கண்ணில் இருக்கும் இந்தப் பச்சை போயிருந்தால் பார்க்கலாம்.