36:59, 37:00, 37:01: எந்த மொத்தம் சரி?

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை மூன்று கட்ட அஞ்சலோட்டம் என்று வைத்துக்கொள்வோம். விரிதாளில் ஓர் அணியின் நேரங்கள் 12:10, 11:45, 13:04 என்று தெரிகின்றன. கையால் கூட்டினால் 36:59. விரிதாள் காட்டும் மொத்தமோ 37:00. அணிப் பொறுப்பாசிரியர் கேள்வி கேட்கத்தான் செய்வார்.

கலங்களின் வடிவத்தை mm:ss.000 என்று மாற்றினால் காரணம் தெரிந்துவிடும். நிறுத்தற் கடிகாரம் தந்தவை 12:10.40, 11:45.40, 13:04.40. ஒவ்வொன்றிலும் மறைந்திருந்த 0.4 செக்கன் சேர்ந்து 1.2 ஆகிறது. உண்மையான மொத்தம் 37:00.2. வடிவத்தை மாற்றுவது கண்டறிய உதவும், தீர்வாகாது. கலத்துக்குள் இருக்கும் எண் மாறுவதில்லை.

தீர்வுக்கு இரண்டு வழிகள். நேரங்கள் B2:B4 கலங்களில் இருக்கின்றன. விரிதாள் நேரத்தை நாளின் பின்னமாக வைப்பதால், 86400 ஆல் பெருக்கினால் செக்கன் கிடைக்கும். முதலாவது, ஒவ்வொரு நேரத்தையும் முழுச் செக்கனுக்கு மட்டந்தட்டிவிட்டுக் கூட்டுவது:

```
=SUMPRODUCT(ROUND(B2:B4*86400,0))/86400
```

விடை 36:59. இரண்டாவது, கூட்டிய பிறகு ஒரே ஒருமுறை மட்டந்தட்டுவது:

```
=ROUND(SUM(B2:B4)*86400,0)/86400
```

விடை 37:00. ஓட்டப்போட்டிக்கு முதல் வழியை நான் ஏற்கமாட்டேன். ஓடிய நேரத்தில் ஒரு செக்கனுக்கு மேல் அது விழுங்கிவிடுகிறது. வரிக்கு வரி கையால் சரிபார்க்கப்படும் சம்பளப் பட்டியலுக்கு அதுவே பொருந்தும்.

பின்னமே இல்லாத நேரங்களிலும் ஒரு செக்கன் தவறலாம். அங்கே குற்றவாளி வேறு. விரிதாளுக்கு ஒரு நாள் என்பது 1. ஒரு செக்கன் 1/86400. கணினி துவித எண்களில் சேமிப்பதால், 11 நிமிடம் 15 செக்கனின் (நாளில் 1/128) மடங்குகள் மட்டுமே முழுச் செக்கன்களில் துல்லியமாக அடங்கும். மற்றவை மிக நெருங்கிய மதிப்புகளே. கூட்டும்போது இந்தப் பிசகு சேர்ந்தாலும் அது செக்கனின் கோடியில் ஒரு பங்கை எட்டாது, mm:ss.000 வடிவத்திலும் தெரியாது. ஆனால் 2220 செக்கன் உள்ளே 2219.9999999999 ஆக இருந்தால், பின்னத்தை வெட்டியெறியும் INT அதை 2219 ஆக்கிவிடும். ROUND ஒருபோதும் அப்படிச் செய்யாது, அருகிலுள்ள முழு எண்ணுக்கே போகும். 86400 ஆல் மீண்டும் வகுத்தபின் விடை தோராயமானதுதான். ஆனாலும் ஒரே செக்கனுக்கு எப்போதும் ஒரே எண் வரும். இரண்டு அணிகள் சமமா என்று = கொண்டு ஒப்பிட அது போதும்.

சாலையோட்டத்தில் உலகத் தடகள விதி வேறுவிதமானது: பின்னம் இருந்தால் அடுத்த முழுச் செக்கன். அதன்படி இந்த அணியின் நேரம் 37:01. அதற்கு ROUNDUP வேண்டும். அதை நேரடியாகப் போட்டால் INT இன் சிக்கல் தலைகீழாக வரும்: 2220.0000000001 கூட 2221 ஆகலாம். ஆகவே கடிகாரம் அளந்த இரண்டு தசமதானத்துக்கு முதலில் மட்டந்தட்டிவிட்டு, பிறகு மேலே உயர்த்துங்கள்:

```
=ROUNDUP(ROUND(SUM(B2:B4)*86400,2),0)/86400
```