தெய்ராவிலிருந்து பிசினஸ் பே: மெட்ரோவா, பஸ்ஸா?

கிளிநொச்சி, முல்லைத்தீவிலிருந்து டுபாய்க்குப் புதிதாக வரும் தம்பிமார் தெய்ராவில் அறை எடுத்து, பிசினஸ் பே பக்கம் வேலைக்குப் போகிறார்கள் என்று வைப்போம். ஏ9 வீதி பஸ்ஸில் கொண்டக்டரிடம் ஊரைச் சொன்னால் போதும். இங்கே மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் காசு ஏற்றிவைக்கும் நோல் கார்டுதான்.

தெய்ரா, பிசினஸ் பே என்று பயணம் அடுத்தடுத்த இரண்டு கட்டண வலயங்களுக்குள் வருவதால், சாதாரண கார்டில் மெட்ரோவும் பஸ்ஸும் 5 திர்ஹம்தான். நேரத்தில்தான் வித்தியாசம். மெட்ரோ நெரிசலில் மாட்டாது. தெய்ராவிலுள்ள யூனியன் நிலையத்தில் சிவப்புப் பாதையில் ஜபல் அலி பக்கம் ஏறுங்கள். அடுத்த நிலையங்களில் விமான நிலையத்தின் பெயர் வந்தால் எதிர்ப்பக்கம் போகிறீர்கள். பெண்களுக்கான பெட்டியில் நின்றால் அபராதம்.

பஸ் மெதுவானதுதான், ஆனால் சைட் வாசலுக்குக் கிட்டவே இறக்கிவிடும். இறங்கும்போதும் கார்டைத் தட்டவேண்டும். மறந்தால் கூடிய கட்டணம் போய்விடும். மெட்ரோவில் இறங்கி 30 நிமிடத்துக்குள் பஸ் ஏறினால் ஒரே பயணமாகவே கணக்கு.

என் விருப்பம் மெட்ரோ. ஞாயிறு மட்டும் அது காலை 8 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். அன்று 7 மணி வேலையென்றால் பஸ்தான், சனி இரவே நேரத்தைப் பார்த்துவையுங்கள்.