சி.டி. ஸ்கேன் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள்

ஞாயிறு இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் சட்டென்று தலையைப் பிடித்துக்கொண்டார். ஒரே நொடியில் உச்சத்துக்குப் போன வலி. இரண்டு முறை வாந்தி. பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்து, நார்மல், ஒற்றைத் தலைவலிதான் என்று ஊசி போட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதுவரை தலைவலி மாத்திரையே தொடாத மனிதருக்குத் திடீரென்று எப்படி ஒற்றைத் தலைவலி வரும் என்று கேட்டேன். "டென்ஷன்" என்றார் பணியில் இருந்த மருத்துவர். காலையில் பில்லைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மதியம் என்னைப் பார்த்து, "உன் மூக்கு தெரிகிறது, காதுகள் தெரியவில்லை" என்றார். இடது இமை பாதி மூடிக் கிடந்தது. மறுபடியும் அங்கேயே ஓடினோம். கண் மருத்துவர் மறுநாள் வருவார், காத்திருங்கள் என்றார்கள். ரத்த அழுத்தம் 80/50. சலைன் ஏற்றியும் நிமிரவில்லை.

சண்டை போட்டு வேறு மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கே இருந்த மருத்துவர் முதலில் செய்தது, தம் விரலைப் பக்கவாட்டிலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவந்து எங்கே தெரிகிறது என்று கேட்டதுதான். இரு கண்களிலும் வெளிப்பக்கப் பார்வை இல்லை. உடனே கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவு பார்க்க ரத்தம் எடுத்தார். முடிவுக்கோ எம்.ஆர்.ஐ.க்கோ காத்திராமல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை 100 மி.கி. நரம்பில் போட்டார். பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மி.கி.

எம்.ஆர்.ஐ.யில், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி, அதற்குள் ரத்தக்கசிவு. கட்டி இருந்ததே எங்களுக்குத் தெரியாது. பலருக்கு இப்படித்தான் தெரியவருமாம். பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடம் அந்தச் சுரப்பிக்கு நேர்மேலே இருக்கிறது. வீங்கிய கட்டி அதை அழுத்தினால் பக்கப் பார்வை போகும். பக்கவாட்டில் அழுத்தினால் இமை தொங்கும். சாதாரண சி.டி.யில் இந்தக் கசிவு பல நேரம் பிடிபடாது.

உயிரைப் பறிப்பது வேறொன்று. அட்ரினல் சுரப்பிக்குக் கார்டிசால் சுரக்கச் சொல்லும் கட்டளை பிட்யூட்டரியிலிருந்து போகிறது. அது நின்றால் கார்டிசால் வற்றி, ரத்த அழுத்தம் சரியும், சோடியம் குறையும். அண்ணனுக்குச் சோடியம் 121-க்கு இறங்கியிருந்தது. வெறும் சலைன் ஏன் தாங்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. தைராய்டும் குறைந்திருந்தது, ஆனால் ஸ்டீராய்டு கொடுப்பதற்கு முன் தைராய்டு மாத்திரை கொடுத்தால் இருக்கும் கார்டிசாலும் வேகமாகச் செலவாகி நிலைமை மோசமாகும் என்றார் மருத்துவர். ஊசி போட்ட சில மணி நேரத்தில் அழுத்தம் 110-ஐத் தொட்டது.

பார்வை கெட்டுக்கொண்டே போனதால் மூன்றாம் நாள் மூக்கு வழியாக அறுவை சிகிச்சை. பக்கப் பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை இன்றும் தொடர்கிறது. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும்.

திடீர்த் தலைவலியோடு பார்வை மங்கினாலோ, இமை தொங்கினாலோ, "பிட்யூட்டரியாக இருக்குமா, ஸ்டீராய்டு வேண்டுமா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்கத் தெரியாமல் நின்றேன். முதல் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது: "ஒற்றைத் தலைவலி. நோயாளி நலம்."