மஞ்சள் சட்டையை நீலமாக்குதல்: மடிப்பு நிழலைக் காப்பதில் மூன்று வழிகள்

ஒரே சட்டையை ஒரு நிறத்தில் மட்டும் படமெடுத்துவிட்டு மற்ற நிறங்களைக் கணினியில் உண்டாக்குவது, இணையக் கடைகளுக்குப் படம் தயாரிப்பவர்களுக்கு அன்றாட வேலை. சட்டைப் பகுதியை மாஸ்க் இட்டுப் பிரித்தபின் நிறத்தை மாற்றும் வழிகள் மூன்றையும், மஞ்சள் பருத்திச் சட்டையொன்றைக் கருநீலமாக்கும் கணக்கைக் கொண்டு ஒப்பிடலாம். சட்டையின் வெளிச்சமான பகுதி sRGB அளவில் (230, 190, 60) என்றும், அதில் கால் பங்கு ஒளி மட்டுமே விழும் ஒரு மடிப்பு இருக்கிறது என்றும், வெளிச்சத்தில் நமக்கு வேண்டிய கருநீலம் (30, 45, 95) என்றும் கொள்வோம்.

முதல் வழி, `Hue/Saturation` அல்லது `Color` கலப்பு முறை. செய்வதற்கு எளிது. ஆனால் `Color` முறை அடியிலுள்ள படத்தின் ஒளிர்வை அப்படியே வைத்துக்கொள்வதால், கேட்ட கருநீலத்துக்குப் பதில் ஏறத்தாழ (172, 187, 237) என்ற வெளிர்நீலம் கிடைக்கிறது. மெரூனைக் கரும்பச்சையாக்குவது போல, பழைய நிறமும் புதிய நிறமும் ஒத்த ஒளிர்வு கொண்டிருந்தால் இந்த வழி போதும். மஞ்சளிலிருந்து கருநீலத்துக்கு உதவாது.

இரண்டாம் வழி, படத்தை Lab வெளிக்கு மாற்றி a, b மதிப்புகளில் புதிய நிறத்தை நிரப்பி, L மதிப்பைத் தனியே இறக்குவது. பலரும் தடுமாறுவது இங்கேதான். நம் சட்டையின் வெளிச்சப் பகுதிக்கு L ஏறத்தாழ 78.5, மடிப்புக்கு 43.5, கருநீலத்துக்கு 20. வித்தியாசமான 58.5-ஐ எல்லாப் பிக்சலிலும் கழித்தால் மடிப்பின் L சுழியத்துக்குக் கீழே போய், நிழல் முழுவதும் ஒரே கரும்பட்டையாக அடைபட்டுவிடும். கழிப்பதற்குப் பதிலாக L+16 என்ற தொகையை ஒரே விகிதத்தால் பெருக்கி, பிறகு 16-ஐக் கழித்தால் இது பெரும்பாலும் சரியாகும். L என்பது ஒளி அளவின் கனமூலத்தை ஒட்டி அமைந்தது என்பதே காரணம். அதே காரணத்தால் இன்னொரு பிழையும் ஒளிந்திருக்கிறது. துணியின் மீது விழும் ஒளி குறையும்போது a, b இரண்டும் L+16 குறையும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். அவற்றை மாறிலியாக நிரப்பிவிட்டால் நிழலில் நிறம் அளவுக்கு மீறிச் செறிந்து, மடிப்புக்குள் விளக்கு எரிவது போலத் தெரியும். நிழலில் நிறம் திரிகிறது என்ற புகார்களுக்குப் பெரும்பாலும் இதுவே மூலம் என்பது என் கணிப்பு.

மூன்றாம் வழி இந்தத் திருத்தங்களையெல்லாம் தேவையற்றதாக்குகிறது. sRGB மதிப்புகளை நேரியல் ஒளி அளவுக்கு மாற்றி, ஒவ்வொரு பிக்சலின் ஒளிர்வையும் வெளிச்சமான பகுதியின் ஒளிர்வால் வகுத்து, அந்த விகிதத்தால் புதிய நிறத்தைப் பெருக்க வேண்டும்.

```python
Y = lin @ np.array([0.2126, 0.7152, 0.0722])
d = np.minimum(Y / Yref, 1.0)
g = np.maximum(Y - Yref, 0.0)
out = d[..., None] * T + g[..., None]
```

இதில் `lin` என்பது நேரியலாக்கிய படம், `T` என்பது நேரியலாக்கிய புதிய நிறம், `Yref` என்பது மினுக்கம் படாத மிக வெளிச்சமான இடத்தின் ஒளிர்வு. நம் சட்டையில் அது சுமார் 0.54. முடிவை மீண்டும் sRGB ஆக்கும்போது கால் பங்கு ஒளி பெற்ற மடிப்பு (11, 19, 47) ஆகிறது: கருமையாக இருந்தாலும் நீலம் உயிரோடிருக்கிறது. விகிதத்தை மூன்று சேனல்களிலும் தனித்தனியே எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் மஞ்சளின் நீலச் சேனலில் ஒளி மிகக் குறைவாக இருப்பதால், வகுக்கும்போது அங்குள்ள இரைச்சலும் JPEG கட்டங்களும் பெருகிவிடும்.

`g` என்ற வரி பட்டு, சாட்டின் போன்றவற்றுக்காக. அத்துணிகளின் மினுக்கம் துணியின் நிறத்தை விடப் பெரும்பாலும் விளக்கின் நிறத்தையே காட்டுவதால், அதைக் கருநீலத்தால் பெருக்காமல் வெள்ளை ஒளியாகவே திரும்பச் சேர்க்கிறோம். `Yref`-ஐ மினுக்கத்தின் மீதே எடுத்துவிட்டால் சட்டை முழுவதும் கருத்துப்போகும். பாதி நிழலில் விழும் மினுக்கத்தை இந்த எளிய பிரிப்பு பிடிப்பதில்லை. பட்டுச் சேலைக்கு அந்த இடங்களைக் கையால் தொட்டே ஆக வேண்டும்.

திரும்பிய திசையில், அதாவது கருநீலத்தை மஞ்சளாக்குவதில், மூன்று வழிகளுமே திணறும். 8 பிட் படத்தில் பச்சைச் சேனலின் 19-க்கும் 45-க்கும் இடைப்பட்ட சில படிகளையே மஞ்சளின் அகன்ற வரம்புக்கு இழுக்க வேண்டியிருப்பதால் மடிப்புகளில் பட்டை பட்டையாகக் கோடுகள் எழும். ஆகவே இருப்பவற்றில் வெளிர்நிறச் சட்டையையே, இயன்றால் RAW வடிவில், படமெடுப்பது நல்லது. வேலை முடிந்ததும் ஒரு மடிப்பையும் அதன் அருகிலுள்ள வெளிச்சத்தையும் ஐட்ராப்பரால் அளந்து, நேரியல் ஒளிர்வின் விகிதம் மூலப்படத்திலும் புதுப்படத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கலாம். கழுத்தின் அடியில் தோல்மீது பட்டிருக்கும் மஞ்சள் எதிரொளி மட்டும் மாஸ்க்குக்கு வெளியே இருப்பதால், அதைத் தனி லேயரில் தணிக்க வேண்டும்.