கட்டணம் பூஜ்ஜியமான பிறகு ஊருக்குப் போய்ச் சேரும் தொகை

வெளிநாட்டில் வாங்கும் சம்பளத்தின் சேமிப்பை ஊருக்கு அனுப்ப நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் செயலி, அனுப்புகைக் கட்டணத்தை அண்மையில் முழுவதுமாக நீக்கிவிட்டது. திறந்தவுடனேயே 'கட்டணம் 0' என்று பச்சை எழுத்தில் பெரிதாகத் தெரிகிறது. அதைப் பார்த்த நண்பர் ஒருவர், தானும் இனி இதிலேயே அனுப்பலாமா என்று கேட்டார். ஆம் என்றோ வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கணக்குத் திறப்பது, அடையாளச் சான்றைப் பதிவேற்றுவது, பெறுபவரின் வங்கி விவரத்தைச் சேர்ப்பது போன்றவை எல்லாச் செயலிகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் அவற்றைத் தொடவில்லை. என்னை இத்தனை நாள் மகிழ்வித்ததும் இப்போது எரிச்சலூட்டுவதும் ஒரே விஷயம்தான்: என் கையிலிருந்து போகும் தொகைக்கு ஊரில் எவ்வளவு வந்து சேர்கிறது என்பது.

பணம் அனுப்புவதற்கு நாம் இரண்டு இடங்களில் விலை கொடுக்கிறோம். ஒன்று, கட்டணம் என்று பெயரிட்டே வாங்குவது. மற்றொன்று, நாணய மாற்று விகிதத்துக்குள் இருக்கும் இலாபம். வங்கிகள் தங்களுக்குள் நாணயங்களை வாங்கவும் விற்கவும் பேசும் விலைகளுக்கு நடுவே உள்ளதைச் சந்தை விகிதம் என்று வைத்துக்கொள்ளலாம். நாணய மாற்று விவரம் தரும் எந்த இணையதளத்திலும் தெரிவது பெரும்பாலும் இதுதான். அனுப்பும் நிறுவனம் நமக்குத் தருவது அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்த இடைவெளியும் ஒரு கட்டணம்தான், ஆனால் ரசீதில் அதற்கென்று ஒரு வரி இருக்காது. எனவே ஒரு நிறுவனம் கட்டணத்தை நீக்குகிறது என்றால், அதே வாரத்தில் அதன் விகிதம் எங்கே நகர்ந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

நான் பார்த்ததை எண்களோடு சொல்கிறேன். எந்த இரு நாணயத்துக்கும் கணக்கு இதுவே என்பதால், சம்பளம் வாங்கும் நாணயம், ஊர் நாணயம் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். எண்களையும் ஒப்பிட வசதியாகச் சற்றே முழுமையாக்கியிருக்கிறேன். சந்தை விகிதம் 22.80, அதாவது சம்பள நாணயம் ஒன்றுக்கு ஊர் நாணயம் 22.80 என்று கொள்வோம். பழைய முறையில் செயலி 22.65 கொடுத்தது, அதோடு அனுப்பும் தொகையிலிருந்து 8 கட்டணமாகக் கழித்துக்கொண்டது. நான் 1,000 அனுப்பினால் 992 மட்டுமே மாற்றப்பட்டு, ஊரில் 22,468.80 வந்தது. புதிய முறையில் கட்டணம் இல்லை, ஆனால் விகிதம் 22.40. அதே 1,000-க்கு இப்போது 22,400 வருகிறது. கட்டணம் வாங்கிய காலத்தைவிட, இலவசமாக அனுப்பும் காலத்தில் 68.80 குறைவு. மாதம் ஒருமுறை அனுப்புபவருக்கு ஓராண்டில் 825.60 வரும்.

தொகை பெரிதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொழில் செய்பவர்கள் இலாபம் வைக்கத்தான் செய்வார்கள், அதையும் மறுக்கவில்லை. எனக்குக் கோபம் வருவது ரசீதின் அடியில் இப்போது முளைத்திருக்கும் ஒரு வரியைப் பார்க்கும்போதுதான்: 'நீங்கள் மிச்சப்படுத்திய தொகை: 8'. அந்த 8-ஐச் சந்தை விகிதத்தில் மாற்றினாலே 182.40 ஆகும்; விகித இடைவெளியாக என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது 400. எடுத்ததைச் சொல்லாமல் விட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொண்டு மிச்சம் என்று சொல்வதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

இருந்தாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இந்த மாற்றம் எல்லோருக்கும் நட்டமில்லை. என் நண்பர் மாதந்தோறும் 300 அளவில்தான் அனுப்புவார். பழைய முறையில் அவருக்கு 8 கழிந்து 292 மாறி, 6,613.80 வந்திருக்கும். இப்போது 6,720 வரும். அவருக்கு 106.20 கூடுதல் கிடைக்கிறது. காரணம் எளிது. நிலையான கட்டணம் சிறிய தொகையை அதிகமாகக் கடிக்கும், பெரிய தொகையில் கரைந்துவிடும். விகித இலாபமோ தொகை வளர வளரத் தானும் வளரும். இரண்டும் சமமாகும் புள்ளியைக் கண்டுபிடிப்பதும் கடினமல்ல. பழைய கட்டணத்தைப் பழைய விகிதத்தால் பெருக்கி, இரு விகிதங்களுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்தால் போதும். 8-ஐ 22.65-ஆல் பெருக்கினால் 181.20, அதை 0.25-ஆல் வகுத்தால் 724.80. அதற்குக் கீழே அனுப்புபவருக்குப் புதிய முறை இலாபம், மேலே அனுப்புபவருக்குப் பழைய முறை இலாபம். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போதும், ஒன்று கட்டணத்தில் கூடுதலாகவும் மற்றொன்று விகிதத்தில் குறைவாகவும் இருந்தால், இதே வகுத்தல் உதவும்.

உலக வங்கி உலகெங்கும் பணம் அனுப்பும் செலவைத் தொகுத்து வெளியிடும்போது 200 டாலர், 500 டாலர் என்று இரண்டு தொகைகளுக்குத் தனித்தனியே கணக்கிடுவதும், கட்டணத்தோடு விகித இடைவெளியையும் சேர்த்தே செலவாகக் கொள்வதும் இதனால்தான். இந்தச் செலவை 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், 22,800-இல் 400 எடுக்கும் என் செயலியின் 1.75 சதவீதம் நல்ல இடத்தில்தான் இருக்கிறது என்பதையும், பற்களைக் கடித்துக்கொண்டு, பதிவுசெய்கிறேன்.

பழைய முறையில் இன்னொரு வசதியும் இருந்தது. மூன்று மாதச் சேமிப்பைச் சேர்த்து 900 ஆக ஒரே முறை அனுப்பினால் 20,203.80 வரும், மூன்று தடவையாகப் பிரித்து அனுப்பினால் 19,841.40 தான் வரும். புதிய முறையில் சேர்த்தாலும் பிரித்தாலும் 20,160 தான். சேர்த்துவைத்து அனுப்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு இனி அந்தப் பழக்கத்தால் பயன் இல்லை. மூன்று மாதம் காத்திருப்பதில் வேறு ஓர் ஆபத்தும் உண்டு. அதற்குள் விகிதமே ஒரு சதவீதம் இறங்கினால் இருநூறு போய்விடும். ஏறினால் இருநூறு வரும். எனவே கட்டணத்தை மட்டும் பார்த்துப் பணத்தை நிறுத்திவைக்குமாறு நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஒப்பிட விரும்புபவர் கட்டணத்தையும் விகிதத்தையும் தனித்தனியே வைத்துக் குழம்ப வேண்டாம். ஊரில் வந்த தொகையை, கையிலிருந்து போன மொத்தத் தொகையால் வகுத்தால் வருவதே உண்மையான விகிதம். பழைய முறையில் எனக்கு அது 22.47, இப்போது 22.40. 'போன மொத்தத் தொகை' என்பதைக் கவனமாக எடுக்க வேண்டும். சில நிறுவனங்கள் கட்டணத்தை நாம் தட்டும் தொகைக்குள்ளேயே கழிக்கின்றன; சில அதற்கு மேல் தனியாக வாங்குகின்றன. பின்னதில் 1,000 என்று தட்டினால் வங்கிக் கணக்கிலிருந்து போவது 1,008. கடன் அட்டையில் பணம் கட்டினால், அட்டை கொடுத்த வங்கி அதை ரொக்கம் எடுத்ததாகக் கருதித் தனிக் கட்டணமும் அன்றிலிருந்தே வட்டியும் போடலாம். அதுவும் செலவுதான், ஆனால் செயலியின் திரையில் வராது.

ஒப்பிடும் நேரமும் முக்கியம். சந்தை விகிதத்தையும் செயலியின் விகிதத்தையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். நேற்றைய விகிதத்தோடு இன்றையதை ஒப்பிட்டுத் திட்டுவதில் பொருளில்லை. வார இறுதியில் நாணயச் சந்தை மூடியிருப்பதால் சில நிறுவனங்கள் பாதுகாப்புக்காக இடைவெளியைக் கூட்டிவைப்பதும் உண்டு. இதைவிட ஏமாற்றக்கூடியது புதியவர்களுக்கான விகிதம். நண்பர் தன் கைபேசியில் பார்த்தபோது அவருக்கு 22.75 காட்டியது, அதே நிமிடம் எனக்கு 22.40. முதல் அனுப்புகைக்கு மட்டும் என்பது அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. அந்த எண்ணை நம்பி முடிவெடுத்தால் அடுத்த மாதமே கணக்கு மாறிவிடும். ஆகவே இரண்டாம் முறை அனுப்பும்போது என்ன விகிதம் என்பதை, ஏற்கெனவே பயன்படுத்தும் ஒருவரின் திரையில்தான் பார்க்க வேண்டும்.

இத்தனை குறை சொன்ன பிறகு, இத்தனை ஆண்டுகள் ஏன் இதையே வைத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். உறுதிசெய்யும் பொத்தானுக்கு மேலே 'பெறுபவருக்குக் கிடைப்பது' என்று ஒரு தொகை காட்டும். புள்ளிக்குப் பிறகு வரும் இரண்டு இலக்கங்கள் உட்பட, அதே தொகைதான் ஊரில் கணக்கில் ஏறியிருக்கும். ஒருமுறைகூடக் குறைந்ததில்லை. வங்கி வழியாக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது தெரியும். அனுப்பும் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் நேரடித் தொடர்பு இல்லாதபோது, பணம் இடையில் ஒன்றிரண்டு வங்கிகளைத் தாண்டிப் போகிறது. அவை ஒவ்வொன்றும் தம் பங்கைப் பிடித்துக்கொள்ளலாம். படிவத்தில் SHA என்று இருந்தால் நம் வங்கியின் கட்டணம் நமக்கு, வழியிலும் மறுமுனையிலும் பிடிப்பது பெறுபவருக்கு. BEN என்றால் எல்லாமே பெறுபவர் தலையில். OUR என்றால் எல்லாவற்றையும் நாமே முன்கூட்டிக் கட்டுகிறோம். எதையும் குறிப்பிடாமல் விட்டால் பெரும்பாலும் SHA-தான் போகும். எவ்வளவு குறையும் என்பது பணம் போய்ச் சேர்ந்த பிறகே தெரியும். அதற்கு மேல், பணம் டாலராகப் போய் ஊர் வங்கியில் மாற்றப்பட்டால், மாற்று விகிதம் அந்த வங்கி வைத்ததாகிவிடும்; அனுப்பும்போது எந்தக் கணக்கும் போட முடியாது.

செயலி இதைத் தவிர்ப்பதற்குக் காரணம், என் பணம் உண்மையில் எல்லை கடப்பதில்லை. இங்கே அவர்களுடைய கணக்கில் நான் கட்டுகிறேன். அங்கே அவர்களுக்கு ஏற்கெனவே உள்ள ஊர் நாணயக் கணக்கிலிருந்து உள்நாட்டுப் பரிமாற்றமாகக் கொடுத்துவிடுகிறார்கள். இடையில் பிடிப்பதற்கு யாரும் இல்லை. காட்டிய விகிதம் சில மணி நேரத்துக்கு மாறாது என்பதையும், அதற்குள் நான் பணம் கட்டினால் சந்தை இறங்கினாலும் பழைய விகிதத்தையே தருவதையும் அவர்கள் தவறாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். கெடு கடந்து பணம் வந்து சேர்ந்தால் அப்போதைய விகிதம் என்பதையும் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

துல்லியத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். வேகத்துக்கு நான்கு. மொத்தத்தில் இரண்டுதான் கொடுக்கிறேன். இது கணக்கோடு ஒட்டாது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். 300 அனுப்பும் நண்பருக்கு இந்த முறையே இலாபம் என்று எண்களைக் காட்டிச் சொல்லிவிட்டேன், அவரும் சேர்ந்துவிட்டார். நான் மட்டும் இந்த மாதச் சம்பளம் வந்ததும், கட்டணத்தைக் கட்டணம் என்றே சொல்லி வாங்கும் வேறொன்றில் கணக்குத் திறக்கப்போகிறேன். அதன் உண்மையான விகிதம் 22.40-க்குச் சற்றுக் கீழே இருந்தாலும் பரவாயில்லை.