செவிலியரின் ஒரு நாள் வகுப்பா, ஆசிரியரின் நான்கு பாடவேளைகளா? நடுநிலைப் பள்ளியில் பருவமடைதலைக் கற்பிக்கும் இரு வழிகள்

தமிழ்நாட்டு நடுநிலைப் பள்ளிகளில் பருவமடைதல் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான் நடக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரோ மருத்துவரோ ஒரு நாள் வந்து, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவியரை ஒரே அறையில் அமர்த்தி, ஒரு மணி நேரம் பேசிவிட்டுச் செல்வது முதல் வழி. பள்ளியின் ஆசிரியரே தம் பாடவேளைகளில் பகுதி பகுதியாகக் கற்பிப்பது இரண்டாவது. எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் வளரிளம் பருவமடைதல் பற்றிய பாடம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். பெண் குழந்தைகளுக்குப் பருவ மாற்றம் 8 முதல் 13 வயதுக்குள் தொடங்குகிறது. மார்பக வளர்ச்சி தொடங்கிச் சுமார் இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வந்துவிடுகிறது. எட்டாம் வகுப்பில் அந்தப் பாடத்தைத் திறக்கும்போது மாணவியரில் பலருக்கு வீட்டில் சடங்கே முடிந்திருக்கும். ஆகவே ஆறாம் வகுப்பில் எது நடக்க வேண்டும் என்பதே உண்மையான கேள்வி.

செவிலியரின் வகுப்புக்கு மறுக்க முடியாத பலம் ஒன்று உண்டு. அவர் உடலைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசிப் பழகியவர். வெள்ளைப்படுதல் எப்போது இயல்பு, எப்போது அரிப்பும் துர்நாற்றமும் சேர்ந்து சிகிச்சை தேவைப்படும் நிலை என்பதை அவரால் தடுமாறாமல் சொல்ல முடியும். மறுநாள் கணக்குப் பாடத்தில் முகம் பார்க்க வேண்டியவர் அல்லர் என்பதால், சில மாணவியர் அவரிடம் துணிந்து கேட்பதும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி அவர் சொன்னால் பெற்றோரும் கேட்கிறார்கள்.

ஆனால் அவர் போய்விடுகிறார். ஜூலையில் கேட்டதை, நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளையில் முதன்முதலாக உதிரப்போக்கு வரும் பதினொரு வயதுக் குழந்தை நினைவில் வைத்திருப்பாளா? வைத்திருந்தாலும் அந்த நிமிடத்தில் அவள் யாரிடம் போவாள்? நாப்கின் எந்த அலமாரியில் இருக்கிறது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பயன்படுத்தியதை எங்கே போடுவது என்பவற்றைப் பள்ளிக்குள் இருப்பவர்தான் காட்ட முடியும். கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு விலையில்லா நாப்கின் வழங்கும் புதுயுகம் திட்டம் 2011-இல் அறிவிக்கப்பட்டபோதே, பள்ளி மாணவியருக்கான விநியோகம் ஆசிரியர் வழியாகத்தான் திட்டமிடப்பட்டது. பொட்டலம் தரும் கையே அதைப் பற்றிய பேச்சையும் தருவது பொருத்தம் என்பது என் எண்ணம்.

செவிலியர் வகுப்பின் இன்னொரு குறை, வெளியே அனுப்பப்படும் மாணவர்கள். மாணவியரை மட்டும் அழைத்துக் கதவைச் சாத்தும் அந்த ஒரு மணி நேரத்தில், மறைக்க வேண்டிய ஏதோ ஒன்று பெண்களிடம் இருக்கிறது என்ற பாடத்தை மைதானத்தில் நிற்கும் மாணவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். கேலி அங்கேதான் முளைக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் தொடங்கும் அவர்களின் சொந்த மாற்றங்களைப் பற்றி, குரல் உடைவதைப் பற்றியோ தூக்கத்தில் விந்து வெளியேறுவதைப் பற்றியோ, யாரும் அவர்களிடம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அதை நோய் என்று பயந்து, கைப்பேசியில் கண்டதை நம்பும் சிறுவர்கள் ஏராளம்.

ஆசிரியர் வழி எப்படி நடக்கலாம் என்பதற்கு, ஆறாம் வகுப்புக்கு வாரத்துக்கு ஒன்றாக நான்கு பாடவேளைகளை எடுத்துக்கொள்வோம். தொடங்கும் முன், என்னென்ன கற்பிக்கப் போகிறோம் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் பாடப்பொருளைக் காட்டியே சொல்லிவிட வேண்டும். எதிர்ப்பு பெரும்பாலும் தெரியாததன் மேல்தான் எழுகிறது. முதல் பாடவேளை இருபாலருக்கும் பொதுவானது: உயரம், வியர்வை, பரு, முடி வளர்ச்சி, குரல், மனநிலை. பெண் குழந்தைகளின் உயர வளர்ச்சி முந்திக்கொள்ளும் என்பதை இங்கேயே சொன்னால், கடைசி வரிசைக்குப் போன உயரமான சிறுமிக்கும் முதல் வரிசையிலேயே இருக்கும் குள்ளமான சிறுவனுக்கும் ஒரே நேரத்தில் ஆறுதல் கிடைக்கும்.

இரண்டாவது, மாதவிடாய், இதுவும் பொதுவாகவே. ஒரு நாப்கினை மேசையில் பிரித்துவைத்து, சிவப்பு மை கலந்த தண்ணீரைச் சிறு அளவுக்குப்பியில் 40 மில்லி எடுத்துக் காட்டலாம். ஒரு மாதவிடாய் முழுவதிலும் சராசரியாக வெளியேறும் இரத்தம் 30 முதல் 40 மில்லிதான். உடம்பின் இரத்தமெல்லாம் போய்விடும் என்று பயந்திருக்கும் குழந்தைகள் அந்தக் குப்பியைப் பார்த்ததும் அமைதியடைவார்கள். முதல் சில ஆண்டுகளில் 21 நாள் முதல் 45 நாள் வரை சுழற்சி மாறுபடுவது இயல்பு என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது பாடவேளையில்தான் இருபாலரையும் பிரிக்க வேண்டும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றுவதை மாணவியருக்கு ஆசிரியையும், அந்தரங்கச் சுத்தத்தையும் இரவு விந்து வெளியேற்றத்தையும் மாணவர்களுக்கு ஆண் ஆசிரியரும் விளக்குவர். 2020-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பள்ளிச் சுகாதாரத் திட்டமும் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை, இயன்றவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகப் பயிற்றுவிக்கச் சொல்வதால் இது புதிய சுமையன்று.

நான்காவது, கேள்விப் பெட்டி. முந்தைய நாளே எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள் தந்து, கேள்வி இல்லாதவர்கள் பிடித்த உணவைப் பற்றி இரண்டு வரி எழுதும்படி சொல்ல வேண்டும். இல்லையெனில் பேனா அசைவதை வைத்தே யார் கேட்டது என்று தெரிந்துவிடும். அந்தத் தாள்களை ஆசிரியர் வீட்டில் படித்துப் பிரித்துவைக்க வேண்டும், வகுப்பில் எடுத்தபடியே வாசிக்கக் கூடாது. "தாய்மாமா தொட்டால் தப்பா?" என்ற ஒரு தாள் அதில் வரலாம். அதை உரக்கப் படித்தால் அந்தக் குழந்தை அன்றைக்கே தனித்துவிடுவாள். பாதுகாப்பான தொடுதல் பற்றி எல்லோருக்கும் பொதுவாகப் பேசி, குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐக் கரும்பலகையில் எழுதி, தம்மிடம் தனியே வரலாம் என்று ஆசிரியர் சொல்ல வேண்டும். அப்படி வந்து ஒரு குழந்தை சொல்லிவிட்டால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். ஆகவே "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்குறுதியை ஆசிரியர் முன்கூட்டித் தந்துவிடக் கூடாது.

ஆசிரியர் வழியின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. கூச்சப்படும் ஆசிரியர் பாடத்தை வேகமாக வாசித்துக் கடந்துவிடுவார். 'தீட்டு' என்று நம்புபவர் அந்த நம்பிக்கையையே கற்பித்துவிடுவார். கேள்விப் பெட்டி காலியாகவே திரும்புவதும், மாணவியர் நாப்கினைத் தோழியரிடம் மட்டும் கேட்பதும் இதன் அறிகுறிகள். அத்தகைய பள்ளியில் செவிலியரின் ஒரு மணி நேரமே மேல்.

எனவே இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டுமென்றால் நான் ஆசிரியரையே தேர்வேன். செவிலியரை மூன்றாம் பாடவேளைக்கு அழைப்பேன். பெண் ஆசிரியரே இல்லாத சிறிய பள்ளிகளில் இது விருப்பம் சார்ந்ததன்று, கட்டாயம். அங்கே செவிலியர் வந்துபோன பிறகு மாணவியர் யாரிடம் போவது என்பதற்கு, சத்துணவு அமைப்பாளரோ பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு தாயோ பொறுப்பேற்று, அலமாரிச் சாவியைத் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். அவர் யார் என்பதை ஆறாம் வகுப்பு மாணவியருக்கு முதல் வாரத்திலேயே நேரில் காட்டிவிட வேண்டும்.